சுருங்கிய நான்கு ஏக்கர்

மலையகத்தில் காணிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பேர்ச்சஸில்தான் வந்து நிற்கும். லயத்தை விட்டு வெளியே வரும் ஒரு குடும்பத்துக்குத் தனி வீட்டுக்காக 7 பேர்ச்சஸ் என்ற கணக்கு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பிறகு அது 10 ஆக வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 7 பேர்ச்சஸ் சேர்ந்தால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். இந்தச் சின்ன அலகை மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். கொப்பி மெஷினில் நடக்கும் ஒரு சின்னப் பிழை எத்தனை குடும்பங்களின் வாசலைத் தொடும் என்பது அப்போது தெரியும்.

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பழைய பிளான்கள் அங்குலத்திலும் சங்கிலியிலும் வரையப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி. அதன் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வெள்ளைக்காரக் கம்பனிகள் கையில் இருந்த தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் பிளான்களும் கை மாறின. துணியில் ஒட்டிய மூலப் பிளான் ஓர் அலுமாரியில் கிடக்க, வெளியே புழங்குவது அதன் போட்டோ கொப்பி, பல நேரம் அந்தக் கொப்பியின் கொப்பி. மூலையில் அச்சடித்திருந்த “1 அங்குலம் = 4 சங்கிலி” என்ற வரி மட்டும் ஒவ்வொரு கொப்பியிலும் அப்படியே இருக்கும். சிக்கல் அந்த வரியில்தான் இருக்கிறது.

படத்தின் அளவை மூன்று வகையாகச் சொல்வது வழக்கம். “அங்குலத்துக்கு நான்கு சங்கிலி” என்று வார்த்தையில் சொல்லலாம். 1:3168 என்று பின்னமாகச் சொல்லலாம். நான்கு சங்கிலி 264 அடி, அதாவது 3,168 அங்குலம், என்பதால் இரண்டும் ஒன்றே. மூன்றாவது, படத்தின் அடியில் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைந்திருக்கும் கோடு. பள்ளியில் அதை நேர்கோட்டு அளவுத்திட்டம் என்று படித்திருப்போம். இங்கே அளவுக்கோடு என்று அழைக்கிறேன். முதல் இரண்டும் எழுத்து. கொப்பி மெஷின் எழுத்தைச் சிறிதாக்கும், ஆனால் அதன் பொருளை மாற்றாது. சுருங்கிப்போன தாளிலும் “1 அங்குலம் = 4 சங்கிலி” என்றே இருக்கும், ஆனால் அது இப்போது பொய். அளவுக்கோடு அப்படியல்ல. அது எழுத்தல்ல, நீளம். படம் சுருங்கினால் கூடவே சுருங்கும், விரிந்தால் கூடவே விரியும். அதனால்தான் வரைபடம் போடுகிறவர்கள் பின்னத்தை எழுதிய பிறகும் மெனக்கெட்டு ஒரு கோட்டை வரைகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீடு கட்ட ஒதுக்கிய ஒரு துண்டு மலை இருக்கிறது என்று வையுங்கள். மூலப் பிளானில் அது ஒரு செவ்வகம்: நீளம் 2 அங்குலம், அகலம் 1¼ அங்குலம். அங்குலத்துக்கு நான்கு சங்கிலி என்றால், நிலத்தில் 8 சங்கிலி நீளம், 5 சங்கிலி அகலம். பெருக்கினால் 40 சதுரச் சங்கிலி, சரியாக நான்கு ஏக்கர், 640 பேர்ச்சஸ். பாதைக்கும் கானுக்கும் விட வேண்டியதை இப்போதைக்கு மறந்துவிட்டால், 7 பேர்ச்சஸ் வீதம் 91 குடும்பங்களுக்குப் போதும்.

பிளான் ஏ3 தாளில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு இணைக்க ஏ4 தான் வசதி. கொப்பிக் கடையில் இருப்பவர் ஏ3 இலிருந்து ஏ4க்கு என்ற பட்டனை அழுத்துகிறார், மெஷின் 71% என்று காட்டுகிறது. இந்த 71 எங்கிருந்து வந்தது? ஏ வகைத் தாள்களின் நீளமும் அகலமும் 1.414க்கு 1 என்ற விகிதத்தில் வெட்டப்பட்டவை. ஏ3ஐ நடுவில் மடித்தால் ஏ4. தாளின் பரப்பு பாதியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் 0.707 மடங்காக வேண்டும். மெஷின் அதை முழு எண்ணாக்கி 71 என்கிறது.

இனி அந்த ஏ4 தாளில், எழுதியிருப்பதை நம்பி ஒருவர் அடிமட்டத்தை வைக்கிறார். நீளம் 1.42 அங்குலம், அகலம் 0.89 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு சங்கிலியால் பெருக்கினால் 5.68 சங்கிலியும் 3.55 சங்கிலியும் வரும். பரப்பு 20.16 சதுரச் சங்கிலி. நான்கு ஏக்கராக இருந்த மலை இரண்டு ஏக்கருக்கு வந்துவிட்டது. 322 பேர்ச்சஸ் சொச்சத்தில் 46 குடும்பங்களைத்தான் வைக்கலாம். மற்ற 45 குடும்பங்களுக்கு இடமில்லை என்று காகிதம் சொல்லும்.

கேட்கும்போது நம்ப முடியாமல் போவதற்குக் காரணம், மெஷினில் பார்த்த எண் 71. கிட்டத்தட்ட முப்பது வீதம் குறைந்திருக்கும் என்றே மனம் எதிர்பார்க்கும். ஆனால் மெஷின் காட்டுவது நீளத்தின் வீதம். பரப்பு இரண்டு பக்கமும் குறைவதால் 0.71ஐ 0.71ஆல் பெருக்க வேண்டும்: 0.504. எதிர்ப்பக்கம் போனால் இன்னும் ஆபத்து. ஏ4 பிளானை ஏ3க்கு விரிக்கும்போது மெஷின் 141% என்று காட்டும். அந்தத் தாளை நம்பி அளந்தால் அதே நான்கு ஏக்கர் எட்டு ஏக்கருக்கு ஒட்டி வரும், 181 குடும்பங்களுக்கு இடம் இருப்பதாகத் தெரியும். இல்லாத நிலத்தைப் பங்கிட்டுப் பெயர்ப்பட்டியல் எழுதிய பிறகு அது தெரியவருவதை விட, முதலிலேயே குறைவாகத் தெரிந்து யாராவது சந்தேகப்படுவது மேல்.

சரி, கையில் இருப்பது கொப்பி மட்டும்தான். என்ன செய்யலாம்? எழுத்தை விட்டுவிட்டு அளவுக்கோட்டுக்குப் போக வேண்டும். நம் பிளானின் அடியில் 10 சங்கிலிக்கு ஒரு கோடு இருந்தது என்று வைப்போம். மூலத்தில் அதன் நீளம் 2½ அங்குலம், 63.5 மில்லிமீட்டர். கொப்பியில் அளந்தால் 45 மில்லிமீட்டர். பத்துச் சங்கிலி என்பது 201 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை மில்லிமீட்டராக்கி 45ஆல் வகுத்தால் 4,470 வரும். இந்தத் தாளின் உண்மையான அளவு 1:3168 அல்ல, ஏறக்குறைய 1:4470. மூலையில் இருக்கும் பழைய பின்னத்தின் மேல் ஒரு கோடு போட்டுப் புதியதை எழுதிவிடுவது நல்லது. அடுத்தவர் ஏமாற மாட்டார்.

அளவுக்கோட்டை அளக்கும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பூச்சியம் பல நேரம் கோட்டின் இடது முனையில் இருக்காது. இடது பக்கத்து முதல் கட்டத்தை இன்னும் சின்னதாகப் பிரித்திருப்பார்கள். பூச்சியம் அதற்கு வலப்பக்கம் இருக்கும். முனையிலிருந்து முனைக்கு அளந்து, வலது கோடியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு கட்டம் முழுதாகக் கணக்கில் தப்பிவிடும்.

உண்மையில் அடிமட்டமே தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதத்தின் நேரான ஓரத்தைக் கொப்பியின் அளவுக்கோட்டோடு சேர்த்து வைத்து, கூர்மையான பென்சிலால் பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டே இந்தக் கொப்பிக்கான அடிமட்டம். பூகோளப் பாடத்தில் பாதையின் நீளத்தை அளக்க நாம் எல்லோரும் செய்ததுதான். இதில் மில்லிமீட்டரும் இல்லை, வகுத்தலும் இல்லை. மெஷின் எத்தனை வீதம் சுருக்கியது என்று தெரிந்திருக்கவும் வேண்டாம். கோணல்மாணலான எல்லையுள்ள துண்டுக்கு, அதே காகிதத் துண்டைக் கொண்டு டிரேசிங் தாளில் ஒரு சங்கிலிக் கட்டங்களை வரைந்து, பிளான் மேல் வைத்து எண்ணலாம். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை ஒன்றாகவும் மற்றதை இல்லாததாகவும் எண்ணினால் போதும். ஒரு கட்டம் 16 பேர்ச்சஸ்.

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பல புத்தகங்கள் சொல்லும். ஆனால் 7 பேர்ச்சஸ் என்ற அலகை வைத்திருக்கிறவர்களுக்கு இது போதாது. அளவுக்கோட்டிலும் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது அதன் குட்டை நீளம். 45 மில்லிமீட்டர் கோட்டை அளக்கும்போது கை அரை மில்லிமீட்டர் தவறுவது சாதாரணம், அதுவும் கொப்பியில் கோட்டின் முனை தடித்துக் கலங்கியிருக்கும்போது. அரை மில்லிமீட்டர் என்பது 45இல் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். பரப்புக்கு அது இரட்டிப்பாகி இரண்டு வீதத்தைத் தாண்டும். 640 பேர்ச்சஸில் அது 14 பேர்ச்சஸ், இரண்டு குடும்பங்களின் காணி. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்தப் பிழை சிறுக்கும். ஆகவே படத்தில் அதைவிட நீண்ட, உண்மை நீளம் தெரிந்த வேறு ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லைக் கற்களுக்கு இடையே நில அளவையாளர் எழுதிய தூரம் ஒன்று போதும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படமாக இருந்தால் கிலோமீட்டர் கட்டங்கள் இருக்கும். மூலத்தில் ஒரு கட்டம் 20 மில்லிமீட்டர். ஒன்றை அளக்காமல் பத்துக் கட்டங்களைச் சேர்த்து அளந்தால் அதே அரை மில்லிமீட்டர்த் தவறு பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. அளவுக்கோடு படுக்கையாக இருக்கிறது. படம் நெடுக்கிலும் அதே அளவுக்குச் சுருங்கியது என்று அது சொல்லவில்லை. நாமாக அப்படி எடுத்துக்கொள்கிறோம். கொப்பி மெஷினுக்குள் இரண்டு திசைகளும் ஒன்றல்ல. கண்ணாடிக்குக் கீழே விளக்கு நகரும் திசையில் உருவத்தின் நீளம் அந்த விளக்கு நகரும் வேகத்தைப் பொறுத்தது. குறுக்குத் திசையில் அது உணரியில் உள்ள புள்ளிகளைப் பொறுத்தது. அச்சாகும் பக்கத்தில் தாளை இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்து வழுக்கினால் இழுக்கும் திசையில் மட்டும் உருவம் மாறும். கடைசியில் மையை ஒட்டவைக்கச் சூடான உருளைகளுக்கு நடுவே தாள் போகிறது. அதில் ஈரம் வற்றித் தாள் சற்றுச் சுருங்குகிறது. காகித இழைகள் ஈரம் குடித்தால் தடிக்கும், நீளுவது குறைவு. ஆகவே தாள் இழையோடும் திசையில் கொஞ்சமும் குறுக்கே அதிகமுமாக விரிந்து சுருங்கும். மழைக்காலத்தில் எடுத்த கொப்பியும் வெயில் காலத்தில் எடுத்ததும் ஒன்றாக இருக்காமல் போவது இதனால்தான். 100% என்று அழுத்தினாலும் ஒரு வீதம் வரை விலகுவது புதுமையல்ல, இரண்டு திசைகளிலும் வெவ்வேறாக.

நம் பிளானில் படுக்கையாக 71.0 வீதமும் நெடுக்காக 70.2 வீதமும் வந்திருக்கிறது என்று வையுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. கீழே இருக்கும் அளவுக்கோடு 71 என்று நேர்மையாகச் சொல்லும். அதையே நெடுக்குக்கும் வைத்தால் பரப்பு 1.1 வீதம் குறையும். 640இல் அது 7 பேர்ச்சஸ். வரைபடத்தை ஒழுங்காகத் திருத்திவிட்டோம் என்று நினைத்த பிறகும் ஒரு குடும்பத்தின் காணி காணாமல் போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சதுரக் கட்டங்களுள்ள படத்தில் பத்துக் கட்டங்களைப் படுக்கையாகவும் பத்தை நெடுக்காகவும் அளந்து ஒப்பிட்டால் போதும். படுக்கையில் 142 மில்லிமீட்டர், நெடுக்கில் 140 என்று வந்தால் ஒவ்வொரு திசைக்கும் தனி அளவை வைத்துக்கொள்ள வேண்டும். பரப்புக்கு இரண்டையும் பெருக்கினால் சரியாகிவிடும். சாய்வான கோடுகளுக்கு அப்படி எளிதாக முடியாது; ஒவ்வொரு கோட்டையும் படுக்கைப் பங்கு, நெடுக்குப் பங்கு என்று பிரித்துத்தான் திருத்த வேண்டும். தடித்த பைண்டுப் புத்தகத்தின் நடுவிலிருந்து எடுத்த படம் என்றால் இதுவும் உதவாது. முதுகுப் பக்கம் தாள் கண்ணாடியை விட்டுத் தூக்கி நிற்பதால் அங்கே மட்டும் சுருக்கம் அதிகம், இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பகுதியை அளக்காமல் விடுவதே சரி.

கணினியில் ஸ்கேன் செய்த கோப்பும் இதே கதைதான். அச்சிடும் பெட்டியில் பெரும்பாலும் `Fit` என்பதே முன்கூட்டித் தெரிவாகியிருக்கும். தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காக அது படத்தைச் சில வீதம் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். `Actual size` என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். பாதி குறைந்தால் யாராவது கவனிப்பார்கள். நான்கைந்து வீதம் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. என் கணக்கில் அதுதான் மோசமான பிழை.

கொப்பியின் கொப்பியில் இன்னொரு வேடிக்கையான மறைப்பு இருக்கிறது. 71 வீதத்துக்குச் சுருக்கியதை வேறொருவர் 141 வீதத்துக்கு விரிக்கிறார். 0.71ஐ 1.41ஆல் பெருக்கினால் 1.001. தாள் பழையபடி ஏ3, எழுத்தும் பழைய அளவு, “1 அங்குலம் = 4 சங்கிலி” என்பதும் மீண்டும் ஏறக்குறைய உண்மை. ஆனால் இரண்டு மெஷின்களின் கோணலும் அதில் சேர்ந்திருக்கும், கோடுகளும் தடித்திருக்கும்.

கோட்டுத் தடிப்பு என்பது வெறும் அழகுப் பிரச்சினையல்ல. ஊவாவில் அது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அதற்கும் கொப்பி மெஷினுக்கும் சம்பந்தமில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அபாயம் பற்றி முன்பே அறிவித்திருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பதுளை மாவட்டத்தில் தங்கள் லயம் அபாய வலயத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்ள வரைபடத்தைத் தேடாத தோட்டம் குறைவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களை 1:50,000 அளவிலும் 1:10,000 அளவிலும் தயாரிக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. சின்ன அளவுப் படம் கிடைத்துவிட்டால் அதை மெஷினில் ஐந்து மடங்கு விரித்து, 1:10,000 படம் கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. முதலில் 400%, பிறகு 125% என்று இரண்டு தடவையில் அதைச் செய்துவிடலாம். அளவுக்கோடும் கூடவே விரிந்து, தூரங்களைச் சரியாகவே சொல்லும். ஆனால் மூலத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்பாக இருந்த வலய எல்லைக்கோடு இப்போது இரண்டரை மில்லிமீட்டர் பட்டையாக நிற்கும். நிலத்தில் அதன் அகலம் 25 மீட்டர், முன்பும் 25 மீட்டர்தான். ஒரு வீடு அந்தப் பட்டைக்குள் முழுதாக அடங்கிவிடும். கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. விரிப்பதால் பார்க்க வசதி கூடுமே தவிர, அளந்தவர் அளக்காததை மெஷின் அளந்து தராது. அந்த மலைக்கு 1:10,000 படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதும், அந்த நிறுவனத்தாரையே வந்து பார்க்கச் சொல்வதும்தான் வழி.

விரிப்பது உதவுகிற இடமும் உண்டு. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய படங்கள் 1:63,360 அளவில் உள்ளவை. மறைந்துபோன ஓர் ஓடையையோ குறுக்குப்பாதையையோ தேட, அவற்றைப் புதிய 1:50,000 படத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு 126.7 வீதம் விரிக்க வேண்டும். மெஷின் 127தான் கொடுக்கும். அந்தச் சின்ன வித்தியாசம் ஏ3 தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் ஒரு மில்லிமீட்டருக்கு ஒட்டி வளரும். நிலத்தில் அது ஏறத்தாழ 46 மீட்டர். ஓடையைத் தேடுவதற்கு அது போதும், எல்லையைப் பிடிப்பதற்குப் போதாது.

மலையில் நாடா பிடித்துக் கொப்பியைச் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளானில் இருப்பது கிடைத்தூரம், சரிவில் நடந்த தூரமல்ல. 30 பாகைச் சரிவில் பிளானில் 100 மீட்டராக இருப்பது நாடாவில் 115 மீட்டர் காட்டும். இந்த 15 வீதத்தைக் கொப்பியின் பிழை என்று நினைத்து அளவுத்திட்டத்தைத் திருத்தினால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம். நாடாவை இரு பக்கமும் மட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். அல்லது சமதரையில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தேட வேண்டும்.

எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் கொப்பியிலிருந்து எடுத்த பரப்பு ஒரு மதிப்பீடுதான். கூட்டத்தில் பேசவும், கேள்வி கேட்கவும், யாரோ சொன்ன ஏக்கர்க் கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்கவும் அது உதவும். காணியைப் பிரிக்க, நில அளவையாளர் கல்லிலிருந்து கல்லுக்கு அளந்து எழுதிய எண்கள் வேண்டும். அவை எத்தனை முறை கொப்பி எடுத்தாலும் மாறாதவை. உங்கள் தோட்டத்து மூலப் பிளானை ஒரு நாள் கையில் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால், கொப்பி எடுக்கும் முன் இரண்டு பிளாஸ்டிக் அடிமட்டங்களை அதன் மேல் வையுங்கள்: ஒன்று அடி ஓரத்தில் படுக்கையாக, மற்றது பக்க ஓரத்தில் நெடுக்காக. பிளானோடு அவையும் கொப்பியில் விழட்டும்.